அடக்கம் 56 ரூபாய், பையர் தருவது 51 ரூபாய்: இந்த ஏற்றுமதி ஆர்டரை எடுக்கலாமா?

கேள்வி: கரூரில் சொந்தத் தறியும் தையல் யூனிட்டும் வைத்துக் கிச்சன் டவல் போடுகிறோம். மாதம் 65,000 துண்டு எடுக்கலாம், இப்போது 40,000 தான் ஓடுகிறது, எல்லாம் உள்நாட்டு விற்பனை. துண்டு அடக்கம் 56 ரூபாய், விற்பது 62. ஜெர்மனி பையர் ஒருவர் 24,000 துண்டு கேட்கிறார், தூத்துக்குடி எஃப்.ஓ.பி. விலை 60 அமெரிக்க சென்ட்டுக்கு மேல் முடியாது என்கிறார். அடக்கத்துக்குக் கீழே போகிறதே, எடுத்தால் நஷ்டம்தானே? பேக்கிங், கப்பல் செலவையெல்லாம் எப்படிச் சேர்ப்பது? அடக்கத் தாளை அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

நஷ்டம் இல்லை. ஆனால் லாபம் மிக மெல்லியது. எந்த இடத்தில் அது கிழியும் என்று தெரிந்துகொண்டு எடுத்தால் எடுக்கலாம். 56 என்ற எண்ணைப் பார்த்துப் பயந்து விட்டுவிடுவதும் தப்பு, "தறி சும்மா நிற்கிறதே, வந்த விலைக்குக் கொடுப்போம்" என்று எடுப்பதும் தப்பு.

உங்கள் தாளில் இரண்டு வகைச் செலவு கலந்து கிடக்கிறது. வாடகை, மேஸ்திரி, கணக்கர் சம்பளம், தறிக் கடன் தவணை, மின் இணைப்புக்கான நிலைக் கட்டணம் எல்லாம் சேர்த்து மாதம் 5 லட்சத்து 60 ஆயிரம். அதை 40,000 துண்டால் வகுத்து 14 ரூபாய் என்று போட்டிருக்கிறீர்கள். மீதி 42 ரூபாய் நூல், கூலி, கரண்ட் மாதிரி துண்டோடு சேர்ந்து ஏறி இறங்குகிற செலவு. இந்த ஆர்டரை நீங்கள் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்த 5.60 லட்சம் போகத்தான் போகிறது. அதை ஏற்கனவே உள்நாட்டு 40,000 துண்டு சுமந்துகொண்டிருக்கிறது. ஆகவே இந்த ஒரு ஆர்டரைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதற்காகப் புதிதாகக் கையை விட்டுப் போகிற ரூபாய் எவ்வளவு, புதிதாக வருகிற ரூபாய் எவ்வளவு?

இதில் பலர் செய்கிற முதல் தவறு, மாறும் செலவு 42 என்று தாளில் இருப்பதை அப்படியே எடுத்து ஏற்றுமதிக்கும் போடுவது. அந்த 42-க்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். சாய நூல் 26 ரூபாய். ஒரு துண்டுக்கு 78 கிராம் நூல், கிலோ ஏறத்தாழ 333 ரூபாய் என்று நீங்கள் போட்டிருப்பது சரியாக வருகிறது. நெசவுக் கூலியும் கரண்ட்டும் 7. தையல், லூப், தையல் நூல் 4. செக்கிங், அயர்னிங் 2. கடைசி 3 ரூபாய் உள்நாட்டுக் கடைக்கான பாலிதீன் பை, லாரி வாடகை, ஏஜென்ட் கமிஷன். இந்த 3 ரூபாய் ஜெர்மனிக்குப் போகிற துண்டுக்கு வராது. ஆக 39.

அப்புறம் ஏற்றுமதித் துண்டுக்கு மட்டும் வருகிற செலவு உண்டு. ஐரோப்பாவில் தடை செய்யப்பட்ட அசோ சாயங்கள் கலவாத, தண்ணீரில் நிறம் போகாத சாயம் வேண்டும். சாயப்பட்டறையில் அதற்குத் துண்டுக்கு ஒன்றரை ரூபாய் கூடும் என்று வையுங்கள். உள்நாட்டுக் கடைக்காரர் கண்டுகொள்ளாத முடிச்சும் எண்ணெய்க் கறையும் பையரின் இன்ஸ்பெக்ஷனில் செகண்ட்ஸ் ஆகிவிடும். நூற்றுக்கு மூன்று துண்டு கழியும் என்று எடுத்துக்கொண்டால் நல்ல துண்டு ஒன்றின் மேல் 1.20 ரூபாய் ஏறும். கழிந்ததை உள்ளூரில் விற்றால் கொஞ்சம் திரும்பி வரும், ஆனால் வருவதற்கு முன்னால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இத்தனையும் சேர்த்து துண்டு 41 ரூபாய் 70 காசு. பேக்கிங்குக்கு முன்னால் உங்கள் உண்மையான மாறும் செலவு இதுதான்.

கூலி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. உங்கள் தையல்காரர்களுக்குப் பீஸ் ரேட் என்பதால் தையல் கூலியை மாறும் செலவில் போட்டது சரி. மாதச் சம்பளத்தில் இருக்கிற செக்கிங் ஆட்கள் சும்மா இருக்கும் நேரத்தில் இந்த வேலையைச் செய்தால் அதற்குப் புதுச் செலவே இல்லை. மாறாக, சாதாரண நேரத்தில் முடியாமல் ஓவர்டைம் போட்டால் அந்த நேரத்துக்கு இரட்டைக் கூலி கொடுக்க வேண்டும், சட்டம் அப்படித்தான். அதனால் 65,000 என்ற திறனைத் தறியை மட்டும் வைத்துச் சொல்கிறீர்களா, தையல் மேசையையும் பார்த்துச் சொல்கிறீர்களா என்று ஒருமுறை சரிபாருங்கள். கரூரில் பல யூனிட்டுகளில் தறி காலியாக இருக்கும், தையலில் ஆள் இருக்காது. எது முட்டுகிறதோ அதன் திறன்தான் உங்கள் திறன்.

இனி பேக்கிங். இதைச் சதவீதமாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், "அஞ்சு பர்சன்ட் பேக்கிங்" என்று. வேண்டாம். ஒரு பெட்டியை நிஜமாகக் கட்டி அதிலிருந்து கணக்கை எடுங்கள். 50 × 70 சென்டிமீட்டர் துண்டை எட்டு மடிப்பாக மடித்தால் 25 × 17.5 வரும். நான்கு அடுக்காக, அடுக்குக்கு 30 துண்டு வைத்தால் பெட்டிக்கு 120 துண்டு. வெளி அளவு 52 × 37 × 25 சென்டிமீட்டர், அதாவது 0.048 கன மீட்டர். 24,000 துண்டுக்கு 200 பெட்டி, மொத்தம் ஏறக்குறைய 9.6 கன மீட்டர். எடை மொத்தம் 1,900 கிலோ அளவில் நிற்கும். ஆர்டர் அளவைப் பெட்டிக் கணக்கில் முழுதாக வருகிற மாதிரி பையர் வைத்திருக்கிறார், நல்லது. 25,000 என்று கேட்டிருந்தால் கடைசியில் ஒரு பெட்டி மூன்றில் இரண்டு பங்கு காலியாக நின்று தலைவலி கொடுக்கும்.

ஐந்து பிளை கார்ட்டன் 84 ரூபாய் என்றால் துண்டுக்கு 70 காசு. துண்டைச் சுற்றுகிற அச்சடித்த பெல்லி பேண்ட் 90 காசு, பார்கோடு ஸ்டிக்கர் 20 காசு, டேப்பும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் 10 காசு, மடித்து, சுற்றி, அடைக்கிற கூலி 60 காசு. மொத்தம் இரண்டரை ரூபாய்.

பெட்டி அளவு பற்றி நானே பட்டதைச் சொல்கிறேன். என் முதல் சில ஆர்டர்களில் ஒன்றுக்குக் காலிப் பெட்டியின் அளவை வைத்துக் கப்பல் கட்டணம் வரை சேர்த்து விலை கொடுத்துவிட்டேன். துண்டை அமுக்கி அடைத்து டேப் ஒட்டியதும் 25 சென்டிமீட்டர் உயரப் பெட்டி வயிறு தள்ளி 29 ஆகிவிட்டது. துறைமுகத்தின் சரக்கு நிலையத்தில் டேப்பை வைத்து அளக்கிறவர் வயிற்றின் மேல்தான் வைப்பார், ஓரத்தில் வைக்க மாட்டார். கன மீட்டர் 16 சதவீதம் கூடியது. கட்டணம் கன மீட்டருக்கு என்பதால் அதுவும் அவ்வளவே கூடியது. அன்றிலிருந்து பெட்டியை அடைத்து, ஒரு இரவு மேலே இரண்டு பெட்டி ஏற்றி வைத்து, காலையில் நடு வயிற்றில் அளந்த பிறகுதான் விலையே எழுதுகிறேன்.

எஃப்.ஓ.பி. தூத்துக்குடி என்றால் சரக்கு கப்பலில் ஏறும் வரை உள்ள செலவு உங்களுடையது. இந்தச் செலவுகளின் குணம் வேறு. துண்டோடு ஏறாது, ஷிப்மென்ட்டுக்கு இவ்வளவு என்று வரும். கரூரிலிருந்து தூத்துக்குடிக்குச் சின்ன லாரி 17,000. கஸ்டம்ஸ் ஏஜென்ட்டும் ஆவணங்களும் 10,000. சரக்கு நிலையக் கட்டணம், முனையக் கட்டணம் 17,000. பையர் கேட்கிற லேப் டெஸ்ட் 14,000. வங்கிக் கட்டணம், கூரியர் 8,000. இவை நான் உதாரணத்துக்குப் போட்ட எண்கள், உங்கள் ஏஜென்ட்டிடம் எழுத்தில் வாங்கிப் போடுங்கள். மொத்தம் 66,000 ரூபாய், 24,000 துண்டில் பரப்பினால் துண்டுக்கு 2.75. இதே பையர் "முதலில் 6,000 துண்டு அனுப்புங்கள்" என்றால் லாரி வாடகையும் சரக்கு நிலையக் கட்டணமும் பெருமளவு குறையும், ஆனால் லேப் டெஸ்ட்டும் ஆவணமும் வங்கியும் அப்படியே நிற்கும், துண்டுக்கு 6, 7 ரூபாய் ஆகிவிடும். அளவைக் குறைத்து அதே விலையைக் கேட்பது பையர்கள் வழக்கமாகச் செய்கிற வேலை. அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

கடைசியாக, கண்ணுக்குத் தெரியாத செலவு: வட்டி. நூலுக்குப் பணம் போட்ட நாளிலிருந்து பையர் பணம் உங்கள் கணக்கில் ஏறும் வரை, உற்பத்தி, கப்பல், அவர் கேட்கிற கடன் நாள் எல்லாம் சேர்ந்து 100 நாள் ஆகும் என்று வையுங்கள். வருடத்துக்கு 10 சதவீதம் என்றால் துண்டுக்கு 1.20. புதுப் பையர் என்பதால் ஈ.சி.ஜி.சி. கடன் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும், அதற்கு 25 காசு போடுவோம். ஆக 1.45.

இப்போது கூட்டுங்கள். 41.70, 2.50, 2.75, 1.45. மொத்தம் 48 ரூபாய் 40 காசு. டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் 57 சென்ட். இதுதான் உங்கள் தரை. இதற்குக் கீழே ஒரு சென்ட் போனாலும் ஒவ்வொரு துண்டிலும் கைக்காசு போகும். பையர் தருவது 60 சென்ட், 51 ரூபாய். துண்டுக்கு 2.60 மிச்சம், 24,000 துண்டில் 62,400 ரூபாய். உங்கள் மாதாந்திரச் செலவான 5.60 லட்சத்துக்கு இந்த ஆர்டர் தருகிற பங்கு அவ்வளவுதான். நஷ்டம் இல்லை என்று மேலே சொன்னது இதனால்.

ஜி.எஸ்.டி.யை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை, நீங்களும் சேர்க்காதீர்கள். ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம். எல்.யு.டி. என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்துவிட்டால் வரி கட்டாமல் அனுப்பலாம், நூலுக்குக் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கலாம். திரும்பி வர நாளாகும் என்பதால் அந்தப் பணம் முடங்குவதை மட்டும் மனதில் வையுங்கள்.

ஏற்றுமதிப் பொருளில் கலந்துள்ள வரிகளை அரசு திருப்பித் தரும் டியூட்டி டிராபேக், ஆர்.ஓ.எஸ்.சி.டி.எல். திட்டங்கள் பற்றி. வீட்டு ஜவுளிக்கு இவை எஃப்.ஓ.பி. மதிப்பில் குறிப்பிட்ட சதவீதமாக வரும், உங்கள் எச்.எஸ். குறியீட்டுக்கு எவ்வளவு என்று ஏஜென்ட் சொல்வார். இரண்டும் சேர்ந்து 5 சதவீதம் கிடைத்தால்கூடத் துண்டுக்கு இரண்டரை ரூபாய், அதாவது உங்கள் மிச்சம் இரட்டிப்பாகும். ஆனாலும் தரை விலையை இதை நம்பிக் குறைக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. ஆர்.ஓ.எஸ்.சி.டி.எல். ரொக்கமாக வராது, சுங்க வரி கட்டப் பயன்படும் ஸ்கிரிப்பாக வரும். நமக்கு இறக்குமதி இல்லாததால் அதைக் கொஞ்சம் தள்ளுபடியில் விற்க வேண்டும். திட்டத்துக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு முடிவுத் தேதி இருக்கிறது, வீதமும் மாறும். பையர்களுக்கும் இந்தச் சலுகைகள் தெரியும், "அரசாங்கம் கொடுக்கிறதே, எனக்குக் குறையுங்கள்" என்று நேராகவே கேட்பார்கள். வந்தால் அது உங்கள் பாதுகாப்புப் பணமாக இருக்கட்டும்.

அவர் எஃப்.ஓ.பி. வேண்டாம், ஹாம்பர்க் வரை சி.ஐ.எஃப். விலை கொடுங்கள் என்று கேட்டால் மேலே இரண்டு விஷயம்தான் சேரும்: கப்பல் கட்டணமும் காப்பீடும். உங்கள் சரக்கு முழு கன்டெய்னருக்குப் போதாது. 20 அடி கன்டெய்னரில் நடைமுறையில் 28 கன மீட்டர் வரை ஏற்றலாம், உங்களுடையது பத்துக்கும் கீழே. ஆகவே பிறர் சரக்கோடு சேர்ந்து எல்.சி.எல்.-ஆகப் போகும். கட்டணம் கன மீட்டர், டன் இரண்டில் எது அதிகமோ அதன்மேல். துண்டு இலேசான சரக்கு என்பதால் எப்போதும் கன மீட்டர்தான். கன மீட்டருக்கு 60 டாலர் என்று வைத்து, பத்து கன மீட்டருக்கு 600 டாலர், துண்டுக்கு இரண்டரை சென்ட். காப்பீடு சி.ஐ.எஃப். மதிப்பின் 110 சதவீதத்துக்கு எடுக்க வேண்டும், இந்த மதிப்புக்கு ஏறத்தாழ 25 டாலர், துண்டுக்குப் பத்தில் ஒரு சென்ட். ஆக 60 சென்ட் எஃப்.ஓ.பி. என்பது 62.6, நீங்கள் எழுத வேண்டியது 63 சென்ட்.

ஆனால் கப்பல் கட்டண மேற்கோளுக்கு ஆயுள் குறைவு. 2023 நவம்பரில் செங்கடலில் தாக்குதல் தொடங்கியதும் கப்பல்கள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. கட்டணமும் ஏறியது, நாளும் கூடியது. அதற்கு முன் சி.ஐ.எஃப்.-இல் விலை கொடுத்தவர்கள் வித்தியாசத்தைத் தங்கள் கையிலிருந்து கட்டினார்கள். துண்டுக்கு 2.60 மிச்சம் வைத்துக்கொண்டு இந்த ஆபத்தைச் சுமக்க வேண்டாம். எஃப்.ஓ.பி.யிலேயே நில்லுங்கள். சி.ஐ.எஃப். தவிர்க்க முடியாவிட்டால் "கப்பல் கட்டணம் ஏற்றும் நாளில் உள்ளபடி" என்று ப்ரோஃபார்மா இன்வாய்ஸில் தனி வரியாகக் காட்டுங்கள். இன்னொன்றும் பாருங்கள். சரக்கை அனுப்பித் தரும் சில ஃபார்வர்டர்கள் இங்கே எல்.சி.எல். கட்டணத்தை மிகக் குறைத்துச் சொல்லிவிட்டு அங்கே ஹாம்பர்க்கில் இறக்குகிற கட்டணத்தில் ஈடுகட்டுவார்கள். பில் பையருக்குப் போகும், கோபம் உங்கள் மேல் வரும். இரண்டு முனைக் கட்டணத்தையும் கேட்டு வாங்குங்கள்.

சரி, 62,400 மிச்சம் என்று தெரிந்துவிட்டது. எடுப்பது புத்திசாலித்தனமா என்பது அந்த எண்ணை எதெல்லாம் சாப்பிடும் என்பதைப் பொறுத்தது. மூன்று விஷயம் அதை முழுசாக விழுங்கக்கூடியது.

முதலாவது உள்நாட்டு விற்பனை. அங்கே ஒரு துண்டு 62-க்கு விற்று 42 செலவு போக 20 ரூபாய் தருகிறது. ஏற்றுமதித் துண்டு தருவது 2.60. இந்த ஆர்டருக்காகத் தறியைத் திருப்பியதில் உள்நாட்டு விற்பனை 3,120 துண்டு குறைந்தால் போதும், மொத்த மிச்சமும் போய்விடும். 40,000-இல் 3,120 என்பது எட்டு சதவீதம்கூட இல்லை. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் உங்கள் கடைக்காரர்கள் எவ்வளவு கூடுதலாகக் கேட்பார்கள் என்று போன வருட பில் புத்தகத்தைப் பாருங்கள். காலியாக இருக்கிற 25,000 திறன் எந்த மாதத்தில் காலி என்பதுதான் கேள்வி. உள்நாட்டில் மந்தமான மாதத்தில் ஏற்றுவதென்றால் எடுக்கலாம். சீசனுக்குள் டெலிவரி விழுகிறதென்றால், இந்த விலைக்கு வேண்டவே வேண்டாம்.

அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது: காலித் தறிக்கு வேறு வேலை உண்டா? பக்கத்து ஏற்றுமதியாளருக்குக் கூலிக்கு நெய்து, தைத்துக் கொடுத்தால் செலவு போகத் துண்டுக்கு 3 ரூபாய் நிற்கும் என்றால் அது இந்த ஆர்டரைவிட மேல். நூல் ஆபத்து இல்லை, டாலர் ஆபத்து இல்லை, பணமும் சீக்கிரம் வரும். மாறும் செலவுக்கு மேலே விலை கிடைக்கிறது என்பது மட்டும் போதாது, அந்த இடத்தில் கிடைக்கக்கூடிய அடுத்த நல்ல வேலையைவிடவும் மேலே இருக்க வேண்டும்.

இரண்டாவது நூல். 78 கிராம் நூலில் 2.60 ரூபாய் மிச்சம் அழிய, கிலோவுக்கு 33 ரூபாய் ஏறினால் போதும். அதாவது பத்து சதவீதம். நூல் விலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே பையர் பர்ச்சேஸ் ஆர்டர் அனுப்பிய அன்றைக்கே முழு ஆர்டருக்கும் நூல் பேசி விலையைக் கட்டுங்கள். அட்வான்ஸ் கேட்பதற்கு இதுதான் நியாயமான காரணமும். "30 சதவீதம் முன்பணம் தந்தால் இந்த விலை நிற்கும், நூலை இன்றே வாங்கிவிடுவேன்" என்று சொன்னால் பையருக்குப் புரியும். விலை எத்தனை நாள் செல்லும் என்ற தேதியைப் போடாமல் மேற்கோள் அனுப்பாதீர்கள், ஏழு நாளுக்கு மேல் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது டாலர். 85 என்று போட்டோம். அது ஒரு ரூபாய் இறங்கினால் துண்டுக்கு 60 காசு, மொத்தம் 14,400 ரூபாய் குறையும். 81-க்குக் கீழே போனால் மிச்சமே இல்லை. ரூபாய் இறங்கிக்கொண்டேதான் இருக்கும் என்ற நம்பிக்கையில் பலர் டாலர் விகிதத்தை முன்கூட்டியே கட்டும் ஃபார்வர்ட் எடுப்பதில்லை. மிச்சம் பெரிதாக இருந்தால் அந்தச் சூதாட்டம் அவரவர் விருப்பம். இங்கே ஆர்டர் உறுதியான நாளிலேயே வங்கியில் ஃபார்வர்ட் போட்டு விகிதத்தைக் கட்டிவிடுவதுதான் சரி.

இவற்றைத் தவிர ஒரு பெரிய அபாயம்: தாமதம். கப்பல் தேதி தவறினால் பையர் விமானத்தில் அனுப்பச் சொல்வார். 1,900 கிலோ, கிலோவுக்கு 200 ரூபாய் என்றாலும் 3 லட்சத்து 80 ஆயிரம். ஆறு ஆர்டரின் மிச்சம் ஒரே விமானத்தில் போய்விடும். விலையில் அவர் இறங்கி வர மறுத்தால் நாளிலாவது இறங்கி வரச் சொல்லுங்கள். "60 சென்ட்டுக்கு வேண்டுமென்றால் 75 நாள் கொடுங்கள், 64 என்றால் 45 நாளில் தருகிறேன்" என்பது கௌரவமான பேரம். காலி நேரத்தை நிரப்பும் ஆர்டர் காலி நேரத்தில் ஓட வேண்டும், அவசர ஆர்டராக மாறினால் அதன் கணக்கே வேறு.

எவ்வளவு கேட்பது? 64 சென்ட்டில் ஆரம்பியுங்கள். 62-இல் முடிந்தால் 52.70 ரூபாய், துண்டுக்கு 4.30, மொத்தம் ஒரு லட்சத்துக்கு மேல் நிற்கும், எனக்குத் திருப்தி. இரண்டு சென்ட் என்பது பையருக்குச் சின்னது, உங்களுக்கு மிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கூடுதல். அவர் அசையவில்லை என்றால் விலைக்குப் பதிலாகச் செலவைக் குறைக்கக் கேளுங்கள். பெல்லி பேண்டுக்குப் பதில் ஸ்டிக்கர் மட்டும் போதுமா, லேப் டெஸ்ட் கட்டணத்தை அவர் ஏற்பாரா, முன்பணம் தருவாரா. இந்த மூன்றும் கிடைத்தால் துண்டுக்கு ஒன்றரை, இரண்டு ரூபாய் மிஞ்சும், 60 சென்ட்டே 62 மாதிரி ஆகிவிடும்.

ஒருவேளை அவர் "இதே விலைக்கு ஒவ்வொரு மாதமும் எடுக்கிறேன்" என்று சொன்னால் மகிழ்ந்துவிடாதீர்கள். அங்கே கணக்கு மாறிவிடுகிறது. ஒருமுறை வருகிற ஆர்டருக்கு மாதாந்திரச் செலவில் பங்கு இல்லை என்றோம், ஏனென்றால் அது விருந்தாளி. மாதாமாதம் வந்தால் குடும்பத்தில் ஒருவர், வாடகையில் பங்கு கொடுக்க வேண்டும். அப்போது 5.60 லட்சத்தை 64,000 துண்டால் வகுத்தால் 8.75. தரை 48.40-உடன் கூட்டினால் 57.15 ரூபாய், 67 சென்ட். நிரந்தர ஆர்டருக்கு அதற்கு மேல்தான் பேச வேண்டும். நான் பார்த்த யூனிட்டுகளில் மூடிப்போனவை பெரும்பாலும் இப்படித்தான் மூடின. ஒரு மந்த மாதத்தில் கொடுத்த விலை அடுத்த வருடத்தின் ஆரம்ப விலையாகி, பாதித் திறன் அந்த விலையில் மாட்டிக்கொண்டு, தறிக் கடன் கட்ட ஆள் இல்லாமல் போயின. அதனால் ப்ரோஃபார்மா இன்வாய்ஸிலேயே எழுதுங்கள்: இந்த விலை இந்த 24,000 துண்டுக்கும் இந்த ஏற்றுமதித் தேதிக்கும் மட்டும்.

உள்நாட்டுக் கடைக்காரர்களுக்கு இந்த விலை தெரிய வருமா என்றும் யோசியுங்கள். அளவு, டிசைன், பெல்லி பேண்ட் எல்லாம் வேறாக இருந்தால் பிரச்சினை இல்லை. அதே டிசைன், அதே துண்டு என்றால் செகண்ட்ஸ் வழியாகவே செய்தி பரவிவிடும், 62-க்கு வாங்குகிறவர் 55-க்குக் கேட்பார்.

உள்நாட்டு விலைக்குக் கீழே வெளிநாட்டில் விற்பதற்குச் சட்டப் பெயர் டம்பிங். உங்கள் ஒரு ஆர்டருக்காக யாரும் வழக்குப் போட மாட்டார்கள், ஆனால் ஒரு தொழில் முழுவதும் அப்படிப் போகிறது என்ற புகார் எழுந்தால் அந்த நாடு வரி போடும். 1997-இல் ஐரோப்பிய சமூகம் இந்தியப் பருத்திப் படுக்கை விரிப்புகள் மேல் டம்பிங் எதிர்ப்பு வரி விதித்தது. இந்தியா உலக வர்த்தக அமைப்பில் வழக்காடியது, 2001-இல் மேல்முறையீட்டு அமைப்பு அவர்கள் வித்தியாசத்தைக் கணக்கிட்ட முறை தவறு என்று தீர்ப்புச் சொன்னது. ஜெயித்தோம், ஆனால் அதற்குள் வருடங்கள் போயிருந்தன. தொடர்ந்து இப்படி விற்பதை நான் ஆதரிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: சாம்பிள் துண்டு 120 எடுத்து ஒரு பெட்டி அடையுங்கள், காலையில் வயிற்றில் அளந்து எடை போடுங்கள். கஸ்டம்ஸ் ஏஜென்ட்டிடமும் சாயப்பட்டறையிலும் விலையை எழுத்தில் வாங்கி என் எண்களுக்குப் பதில் அவற்றைப் போடுங்கள். தரை 57 சென்ட்டுக்குள் நின்றால் 64 என்று பையருக்கு எழுதுங்கள். 59-ஐத் தாண்டினால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள், கூலி வேலை பேசப் போங்கள்.